இருபத்தெட்டுக் குறிகளும் பதினாறு சொற்களும்: கொட்டாஞ்சேனை மருந்துக்கடை ஒன்றின் காலை நேரம்

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு மருந்துக்கடையில் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. கடைக்கு வருகிற, கடையிலிருந்து போகிற கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் என் கையால்தான் போகும். இது கடந்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. அன்று முதலாளி கோபத்தில் அனுப்பிய ஒரு செய்தியை நான் இரண்டு தடவை திருத்தி எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை எழுதியது பிழை. இரண்டாவது வேலை செய்தது. ஏன் அப்படி என்பதை அப்போதே எழுதி வைத்திருக்க வேண்டும், இப்போதாவது எழுதுகிறேன்.

கடையின் பின்னறையில் இரட்டைக் கதவு போட்ட மருந்துக் குளிர்ப்பெட்டி ஒன்று இருக்கிறது. இன்சுலின், சில கண் சொட்டு மருந்துகள், தடுப்பூசிகள் அதற்குள் இருக்கும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெப்பநிலையைப் பார்த்துக் கதவில் தொங்கும் தாளில் எழுதுவோம். அன்று காலை 7 மணிக்குத் தாளில் 5.1 என்று இருந்தது. 8.05க்கு முதலாளி தற்செயலாகப் பார்த்தபோது 8.6. பெட்டியைப் பராமரிக்கும் நிறுவனத்துக்குப் போன் எடுத்தார், எங்கேஜ். திரும்ப எடுத்தார், திரும்பவும் எங்கேஜ். பிறகு 8.12க்கு ஒரு வாட்ஸ்அப், 8.20க்கு இன்னொன்று, 8.47க்கு மூன்றாவது. மூன்றாவது இதுதான்:

```
INNUM ORUTHARUM VARELLA!!!!!!
EVVALAVU THARAM SOLRATHU????
FRIDGE THIRUMBAVUM VELAI SEIYELLA!!!!
MARUNTHU KETTA AAR PORUPPU???!!!
UDANE VAANGO!!!!!!!!
```

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் கத்த வேண்டுமென்றால் ஒன்றில் ஆச்சரியக்குறியை அடுக்குவார்கள், அல்லது எழுத்தை இழுப்பார்கள், அல்லது இப்படி ஆங்கில எழுத்துக்குப் போய் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பார்கள். கொழும்பில் இது சர்வசாதாரணம். முதலாளிக்கு ஐம்பத்தெட்டு வயது, தமிழ்த் தட்டச்சு வராது. கோபம் வந்தால் கேப்ஸ் லாக்.

நான் 9.15க்குக் கடைக்குப் போனபோது அவர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். போனில் பதில் ஒன்றும் இல்லை. இரண்டு நீல டிக்குகள் மட்டும் இருந்தன, அதாவது பார்த்திருக்கிறார்கள்.

"தம்பி, பார்த்திட்டு சும்மா இருக்கிறாங்கள். நீ எழுது, உனக்குத்தான் எழுத வரும்."

அந்தச் செய்தியில் பதினாறு சொற்கள் இருந்தன, இருபத்தெட்டுக் குறிகள் இருந்தன. எந்தக் கடை என்று இல்லை. எந்தப் பெட்டி என்று இல்லை. எத்தனை டிகிரி, எத்தனை மணியிலிருந்து, எத்தனை மணிக்குள் ஆள் வேண்டும், ஒன்றும் இல்லை. கடையின் பேர் அந்த எண்ணில் பதிந்திருக்கும் என்று முதலாளி நினைத்தார். ஆனால் அது அவருடைய சொந்த போன். நிறுவனத்தின் பட்டியலில் கடையின் எண்தான் இருந்தது.

முதலில் எழுதியது

நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்கிறேன். கோபத்தை எடுத்துவிட வேண்டும் என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. 9.22க்கு இப்படி அனுப்பினேன்:

> வணக்கம். எமது கடையின் குளிர்ப்பெட்டி மீண்டும் சரியாக இயங்கவில்லை. தயவுசெய்து இதைக் கவனத்தில் எடுத்து, உங்களுக்கு வசதியான விரைவான நேரத்தில் ஒருவரை அனுப்பி வைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "வணக்கம் அண்ணா, பதிவு செய்துகொண்டோம். முடிந்தவுடன் அனுப்புகிறோம்." முதலாளியின் செய்திக்கு முப்பத்தைந்து நிமிடம் பதில் இல்லை, என்னுடையதற்கு இரண்டு நிமிடத்தில் பதில். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பதிலைத் திரும்பப் படித்தேன். முடிந்தவுடன் என்றால் எப்போது? அவர்களிடம் நான் ஒன்றையும் கேட்கவில்லை, அதனால் அவர்கள் ஒன்றையும் தரவில்லை. முதலாளியின் செய்தியில் இருந்த ஒரே ஒரு உண்மையான விஷயம், இது அவசரம் என்பது. அதையும் நான் சேர்த்துத் துடைத்துவிட்டேன். "வசதியான விரைவான நேரம்" என்று எழுதினால் படிக்கிறவர் முதல் சொல்லைத்தான் எடுத்துக்கொள்வார்.

முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கலியாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி எழுதியிருக்கிறாய். அவங்கள் நாளண்டைக்கு வருவாங்கள்."

அவர் சொன்னது சரி. அதோடு, அவர் "நாளண்டைக்கு" என்று சொன்னபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்குப் பிறகு சனி, ஞாயிறு. இன்று மாலைக்குள் மெக்கானிக் வராவிட்டால் அடுத்து வேலை நடப்பது திங்கட்கிழமைதான். முதலாளி அவ்வளவு பதற்றப்பட்டதற்கு முழுக் காரணமும் அதுதான். ஆனால் மூன்று செய்திகளில் ஒன்றில்கூட அவர் அதை எழுதவில்லை. அவருக்கு அது தெரியும், ஆகவே எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. கடைசி வரியின் எட்டு ஆச்சரியக்குறிகளுக்குள் அந்தப் போயாதான் இருந்தது.

குறிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது

அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். முதலாளியை நாற்காலியில் இருத்தி, அவருடைய செய்தியை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இந்த இடத்தில் ஏன் கத்தினீங்கள்?" அவர் சொன்ன பதில்களைக் கடதாசியில் எழுதினேன். கோபத்தில் இருக்கிறவரிடம் "அமைதியாக இருங்கள்" என்று சொல்வதைவிட இது நல்லது. கத்தலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் பெரும்பாலும் ஒரு எண் அல்லது ஒரு நேரம்.

இன்னும் ஒருத்தரும் வரவில்லை என்ற முதல் வரிக்கு அவர் சொன்னது: 8.05க்குப் பார்த்தேன், இரண்டு தடவை போன் எடுத்தேன், மூன்று செய்தி அனுப்பினேன். சரி, அதில் நேரங்கள் இருக்கின்றன. ஆனால் மெக்கானிக்குக்கு அவை தேவையில்லை, அதை ஒரு பக்கம் வைத்தேன்.

எவ்வளவு தரம் சொல்வது என்ற வரியில்தான் உண்மையான கோபம் இருந்தது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் பெட்டியின் பின்னால் கீழே இருக்கும் விசிறி நின்றுபோனது. வந்தவர்கள் தூசியைத் துடைத்து, சுற்ற வைத்துவிட்டுப் போனார்கள். மோட்டாரை மாற்றவில்லை. அந்த விசிறி நின்றால் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூடு வெளியே போகாது; கொம்பிரசர் சூடாகித் தானாகவே நின்றுவிடும்; உள்ளே வெப்பம் ஏறும்.

"திரும்பவும்" என்ற சொல்லை நான் முதலில் வெறும் கோபம் என்றுதான் நினைத்தேன். என் முதல் திருத்தத்தில் அதை "மீண்டும்" என்று பதமாக மாற்றிவிட்டுப் போய்விட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டிய மிக முக்கியமான தகவல் இருந்தது: போன இரண்டு தடவையும் விசிறி, இந்தத் தடவையும் விசிறி சுற்றவில்லை, ஆகவே புது மோட்டாரைக் கையோடு கொண்டு வா. அதை எழுதாவிட்டால் ஆள் வெறுங்கையோடு வருவார், பார்ப்பார், சாமான் எடுக்கத் திரும்பிப் போவார், போயா வந்துவிடும்.

நான்காவது வரிக்கு முதலாளியின் பதில் "மருந்தெல்லாம் போச்சு, ஏழெட்டு லட்சம் நட்டம்" என்று வந்தது. இதை அப்படியே எழுதவா என்று எங்கள் மருந்தாளர் அக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். இன்சுலின் 8 டிகிரியைத் தாண்டியவுடன் கெட்டுவிடாது. நோயாளி பாவிக்கத் தொடங்கிய குப்பியை அறை வெப்பத்தில் சுமார் நான்கு கிழமை வைத்திருக்கலாம் என்று அதன் தாளிலேயே பொதுவாகப் போட்டிருக்கும். ஆனால் விற்பனைக்கு வைத்திருக்கும் பெட்டி அப்படி இல்லை. அது எவ்வளவு நேரம், எத்தனை டிகிரியில் வெளியே நின்றது என்று விநியோகஸ்தரிடம் சொல்ல வேண்டும், அவர்கள்தான் விற்கலாமா என்று முடிவு சொல்வார்கள். நேரம் கூடக்கூட அந்த முடிவு நமக்கு எதிராகப் போகும். ஆகவே "கெட்டுவிட்டது" என்பது பொய், "ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் வரும்" என்பது உண்மை. அக்கா சொன்ன பிறகு நான் அந்த வரியை மாற்றினேன். போய்ப் பார்க்கிற மெக்கானிக்குக்கு இன்சுலின் கெடவில்லை என்று தெரியவந்தால், அடுத்த தடவை நாங்கள் எழுதுவதை யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசி வரி, உடனே. உடனே என்றால் எத்தனை மணி? இதற்குப் பதில் சொல்ல முதலாளிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஐஸ் பெட்டிக்குள் வைக்க முடியாத 26 இன்சுலின் பெட்டிகளுக்கு வேறு இடம் தேட வேண்டும். வெள்ளவத்தையில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் பார்மசியில் இடம் கிடைக்கும், ஆனால் அவர்களின் சாமான் மதியம்தான் வெளியே போகும். ஆகவே 1 மணிக்கு நாங்கள் வானில் ஏற்றிவிடுவோம். 1 மணிக்கு முன் பெட்டி சரியானால் ஏற்ற வேண்டியதில்லை. அதுதான் எங்கள் கெடு. அதற்குக் காரணம் இருந்தது, அதனால் அதைச் சொல்ல எந்தத் தயக்கமும் வரவில்லை. காரணமில்லாத கெடுவை எழுதும்போதுதான் கை தானாக ஆச்சரியக்குறிக்குப் போகும்.

இதற்கிடையில் அக்கா ஐஸ் பெட்டியைத் தயார் செய்துவிட்டார். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதிகளை அப்படியே இன்சுலினோடு ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடும். அதனால் பொதியை வெளியே வைத்து, மேலே வியர்த்து உள்ளே தண்ணீர் கொஞ்சம் ஆடும் வரை காத்திருந்து, துணியில் சுற்றி வைத்தார். அதில் இருபது இன்சுலின் பெட்டிகளுக்குத்தான் இடம் இருந்தது. மொத்தம் 46.

இரண்டாவது செய்தி

9.36க்குக் கடையின் எண்ணிலிருந்து, தமிழ் எழுத்தில்:

> *இன்று மதியம் 1 மணிக்குள் மெக்கானிக் தேவை.* கொட்டாஞ்சேனை மருந்துக்கடை, பின்னறை, இரட்டைக் கதவுக் குளிர்ப்பெட்டி.
>
> வெப்பநிலை: 7.00க்கு 5.1, 8.05க்கு 8.6, 9.30க்கு 11.4. மணிக்குச் சுமார் 2 டிகிரி ஏறுகிறது. 8க்குள் இருக்க வேண்டும்.
>
> கரண்ட் இருக்கிறது, உள் விளக்கு எரிகிறது, பின்னால் கீழே உள்ள விசிறி சுற்றவில்லை. இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை, முந்தைய இரண்டிலும் இதே விசிறியைத் துடைத்துவிட்டார்கள். புது விசிறி மோட்டார் கொண்டுவரவும்.
>
> உள்ளே 46 பெட்டி இன்சுலின். 20 பெட்டியை ஐஸில் வைத்துவிட்டோம். மீதி 26ஐ 1 மணிக்கு வேறு கடைக்கு மாற்ற வேண்டும். நாளை போயா, பிறகு சனி ஞாயிறு. இன்று வராவிட்டால் திங்கள் வரை பெட்டி இல்லை.
>
> யார் வருகிறார், எத்தனை மணிக்கு என்று 10 மணிக்குள் எழுதுங்கள். இன்று ஆள் இல்லையென்றால் அதையும் 10 மணிக்குள் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கிறோம். நான் கடையிலேயே இருக்கிறேன், பின்கதவு திறந்திருக்கும்.

அனுப்பிய கையோடு போன் எடுத்தேன். இந்தத் தடவை கிடைத்தது. "இப்ப ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், அதில எல்லாம் இருக்கு, ஒருக்கா பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். பேசியது அரை நிமிடமும் இருக்காது.

முதலாளி வாசித்துவிட்டு, "இதில என்ர கோபம் எங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அவர் காலையிலிருந்து அலைக்கழிந்தவர். அந்தக் கோபம் வீணானது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை, அது இன்னொரு கடிதத்துக்குரியது என்று சொன்னேன். அவருடைய செய்தியில் இரண்டு செய்திகள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. ஒன்று இன்றைய பெட்டி. மற்றது இரண்டு மாதமாகச் சரியாக வேலை செய்து தராத கதை. இன்றைய பெட்டியைப் பார்க்க வேண்டியவர் போனுக்கு முன்னால் இருக்கும் பிள்ளையும் ஒரு மெக்கானிக்கும். இரண்டு மாதக் கதைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்களுக்கு மேலே இருக்கும் மனேஜர். இரண்டையும் ஒரே ஆளிடம் கொட்டினால், அந்தப் பிள்ளையால் தீர்க்க முடியாத விஷயத்துக்கு அவள் ஏச்சு வாங்குவாள், தீர்க்கக்கூடிய விஷயம் அதற்குள் அமுங்கிப்போகும்.

9.44க்குப் பதில்: "மெக்கானிக் 12 மணியளவில் வருவார். ஸ்டோரில் மோட்டார் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்." 12.20க்கு ஆள் வந்தார், கையில் மோட்டார் பெட்டியோடு. 1 மணிக்குக் கொஞ்சம் முன்னால் விசிறி சுற்றத் தொடங்கியது. வானை வர வேண்டாம் என்று சொன்னோம். ஐஸ் பெட்டி இருந்ததால் அவசரப்படாமல், வெப்பநிலை 8க்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து, மாலை 4 மணிக்குப் பிறகுதான் இருபது பெட்டிகளையும் திரும்ப உள்ளே வைத்தார் அக்கா.

மறுபக்கத்தில் இருந்து

பதில் போட்ட அந்தப் பிள்ளையோடு பிறகு ஒருநாள் போனில் கொஞ்சம் நேரம் பேசக் கிடைத்தது. ஹட்டனில் இருந்து வந்து கொழும்பில் தங்கி வேலை செய்கிறவர். முதலாளியின் செய்தியைப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"அண்ணா, காலையில போனைத் திறந்தா எல்லாருமே கத்திக்கிட்டுத்தான் இருப்பாங்க. யாருக்கு உண்மையிலேயே அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ஐயா இதே மாதிரி பெரிய எழுத்தில அனுப்பினாரு. போய்ப் பார்த்தா உள்ள லைட் எரியல, அவ்வளவுதான்."

அது உண்மை. அந்த விளக்குச் செய்தியை நானும் போனில் தேடிப் பார்த்தேன். அதே பெரிய எழுத்து, ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் குறிகள். விளக்குக்கும் இன்சுலினுக்கும் ஒரே சத்தம் போட்டால் கேட்கிறவர் இரண்டையும் விளக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அடுத்து அவர் சொன்னது எனக்குப் புதிது. "மருந்து கெட்டா" என்ற இடத்தை அவர் "மருந்து கேட்டா" என்று படித்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். கெட்டால் யார் பொறுப்பு என்பது, வாடிக்கையாளர் வந்து மருந்து கேட்டால் யார் பொறுப்பு என்று ஆகிவிட்டது. கடையில் வியாபாரம் பாதிக்கிறது என்று முறைப்படுகிறார், பெட்டிக்குள் மருந்து சூடாகிறது என்று சொல்லவில்லை, என்று அவர் விளங்கிக்கொண்டார். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அதைத் தீர்த்திருக்கும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் சிலர் நெடிலுக்கும் றகர ளகரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய எழுத்தைப் போட்டு வித்தியாசம் காட்டுவார்கள். எல்லாமே பெரிய எழுத்தானால் அந்தச் சின்ன உதவியும் போய்விடும்.

பெரிய எழுத்து கண்ணையும் தாமதப்படுத்தும். அமெரிக்க உளவியலாளர் மைல்ஸ் டிங்கர் 1920களிலிருந்து அச்செழுத்தை எப்படி வாசிக்கிறோம் என்று சோதித்து வந்தார். முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டதை வாசிக்கும் வேகம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைகிறது என்பது அவர் கண்ட ஒன்று. அமெரிக்க வானிலைச் சேவையின் கதையும் இங்கே பொருந்தும். பழைய தந்தி அச்சு இயந்திரங்களின் காலத்திலிருந்து அவர்களின் அறிவிப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில்தான் வந்தன. 2016 மே 11 முதல் சாதாரண எழுத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். பெரிய எழுத்தை ஆபத்தான இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். புயல் எச்சரிக்கை எழுதுகிறவர்களே அப்படிச் செய்யும்போது, நாங்கள் விளக்குக்கு அதைச் செலவழித்திருந்தோம்.

என்னுடைய முதல் செய்தியைப் பற்றியும் கேட்டேன். "அது நல்ல மெசேஜ் அண்ணா, ஆனா அதை வச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். அன்று அவரிடம் மூன்று மெக்கானிக்குகள். காலையில் அவர்கள் போகும் பாதையை அவர்தான் போட வேண்டும். ஒரு செய்தியைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லாதபோது பட்டியலில் தெரியும் முதல் வரியை மட்டும் பார்ப்பார். இரண்டாவது செய்தியில் அந்த முதல் வரியிலேயே நேரமும் இடமும் இருந்தது. திறந்தபோது 11.4 என்ற எண் இருந்தது. கோட்டைப் பக்கம் போகவிருந்த ஒருவரைத் திருப்ப அது போதுமாக இருந்தது என்றார். மனேஜர் ஏன் திருப்பினாய் என்று கேட்டால் காட்டுவதற்கும் அந்த எண்தான். இதை நான் யோசித்ததே இல்லை. நாம் எழுதுவதை அவர் இன்னொருவருக்குக் காட்டி நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. கத்தலை யாருக்கும் காட்ட முடியாது. வெப்பநிலைத் தாளைக் காட்டலாம்.

"இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்" என்ற வரி அவருக்குப் பிடித்திருந்தது. பலர் பதில் போடாமல் விடுவதற்குக் காரணம், இல்லை என்று சொன்னால் இன்னும் ஏச்சு விழும் என்ற பயம்தான். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் பதில் சீக்கிரம் வரும்.

கோபத்துக்கு எழுதிய கடிதம்

திங்கட்கிழமை மனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். இதில் அவசரம் ஒன்றும் இல்லை, அதனால் தலைப்பில் அவசரம் என்று போடவில்லை. மின்னஞ்சலில் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் குப்பை அஞ்சல் வடிகட்டிகள் சிலவற்றுக்கு அதுவே ஒரு அடையாளம். பரவலாகப் பாவனையில் இருக்கும் SpamAssassin என்ற வடிகட்டியில் `SUBJ_ALL_CAPS` என்றே ஒரு விதி இருக்கிறது. கோபத்தில் எழுதிய கடிதம் படிக்கப்படாமலே குப்பைக்குப் போகலாம்.

உள்ளே மூன்று தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் என்ன பழுது, யார் வந்தார், என்ன செய்தார், எத்தனை மணித்தியாலம் பெட்டி 8 டிகிரிக்கு மேல் நின்றது. முதலாளி அனுப்பிய மூன்று செய்திகளின் நேரமும் பதில் வந்த நேரமும் இதில்தான் வந்தன. காலையில் ஒரு பக்கம் வைத்த அந்த முதல் வரிக்கு இதுதான் இடம். கடைசியில் இரண்டு கோரிக்கைகள்: மூன்றாவது வருகைக்குக் கட்டணம் எடுக்கக் கூடாது, விடுமுறை நாட்களுக்கு ஒரு போன் எண் வேண்டும். முதலாளி இதில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார்: "இரண்டு தடவை துடைத்ததற்குப் பதில் முதல் தடவையே மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது." அதை அப்படியே விட்டேன். அது கோபம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அமைதியாக எழுதுவது என்றால் குற்றச்சாட்டை மென்று விழுங்குவது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

கட்டணத்தை விட்டார்கள். விடுமுறை எண் இன்னும் தரவில்லை. விநியோகஸ்தர், வெப்பநிலைத் தாளின் படத்தைப் பார்த்துவிட்டு 26 பெட்டிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்றார், ஆனால் அவற்றைத் தனியாகக் குறித்து முதலில் விற்றுவிடச் சொன்னார்.

இந்த முறை எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் ஒருவர் மயங்கி விழுந்தால் யாரும் செய்தி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், தீ என்றால் 110. எழுத்து வேலை செய்வது மறுபக்கத்தில் ஒருவர் பல வேலைகளுக்கு நடுவில் எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில். இன்னொன்று, மறுபக்கத்தில் ஆளே இல்லாவிட்டால் எப்படி எழுதியும் பயனில்லை. 10 மணிக்குள் பதில் வராமல் இருந்திருந்தால் இன்னொரு செய்தியை நான் எழுதியிருக்கமாட்டேன், வேறு நிறுவனத்துக்குப் போன் எடுத்திருப்பேன். அதற்காகத்தான் 1 மணிக்கு முன்னால் 10 மணி என்று ஒரு நேரம் வைத்தது.

முதலாளி இன்னும் பெரிய எழுத்தில்தான் அடிக்கிறார். ஆனால் இப்போது அதை எனக்கு அனுப்புகிறார். நான் அவருக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு குறிக்கும் ஏன் என்று கேட்டு, பதில்களை எழுதி, பிறகு வெளியே அனுப்புகிறேன். நான் இல்லாத நாளுக்காகப் பெட்டியின் கதவில், வெப்பநிலைத் தாளுக்குப் பக்கத்தில், அக்கா ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார். எத்தனை மணிக்குள் ஆள் வேண்டும், எந்தப் பெட்டி, இப்போது எத்தனை டிகிரி, ஒரு மணித்தியாலத்துக்கு முன் எத்தனை, விசிறி சுற்றுகிறதா, உள்ளே என்ன மருந்து எவ்வளவு, அடுத்த விடுமுறை எப்போது. போன கிழமை நான் ஹட்டன் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது பெட்டிக் கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறது. முதலாளி அந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பியிருக்கிறார். எல்லாம் பெரிய எழுத்துதான். ஆனால் முதல் வரியில் `6.2 DIGREE, AVASARAM ILLAI, INTHA KILAMAIKKUL VANTHAL POTHUM` என்று இருந்தது.